வைஃபைக்கு நக்கலாக ஒரு பெயர்: வீட்டைக் காட்டிக்கொடுக்காமல் வைப்பது எப்படி?

எங்கள் வீட்டு வைஃபைக்கு நான் பெயர் வைக்கவில்லை. இணைப்புக் கொடுக்க வந்த தம்பிதான் வைத்தார். "சார், பேரு என்ன போடட்டும்?" என்று கேட்டார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "ஏதாவது போடுங்க" என்றேன். விண்ணப்பம் என் மனைவி பெயரில் இருந்தது. தம்பி அந்தப் பெயரையும் கதவு எண்ணான எஃப்-2வையும் சேர்த்துத் தட்டிவிட்டு, கைபேசி எண்ணையே கடவுச்சொல்லாகவும் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு வருடம் அது அப்படியே ஓடியது. ஒருநாள் தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி விற்க ஒருவர் வந்தார். கதவைத் திறந்ததுமே மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எப்படித் தெரியும் என்று கேட்டால், சிரித்துக்கொண்டே தன் போனில் இருந்த வைஃபை பட்டியலைக் காட்டினார். பெயர், கதவு எண் எல்லாம் அதில் இருந்தன. அவர்மேல் தப்பு சொல்ல ஒன்றுமில்லை, நாங்கள்தானே போர்டு மாட்டி வைத்திருந்தோம்.

அன்று ராத்திரியே மாற்ற உட்கார்ந்தேன். சரியான பெயர் கிடைக்க நாலு முயற்சி ஆயிற்று. நீங்கள் ஒரே தடவையில் முடித்துவிடலாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

## 1. இப்போது என்ன பெயர் ஓடுகிறது என்று பாருங்கள்

போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வெளியே, படிக்கட்டில் நின்று வைஃபை பட்டியலைத் திறங்கள். உங்கள் ரவுட்டர் நொடிக்குச் சுமார் பத்துத் தடவை தன் பெயரைக் காற்றில் கூவிக்கொண்டே இருக்கிறது. கடவுச்சொல் தெரியாதவருக்கும் பெயர் தெரியும். தெருவில் போகும் ஆட்டோவில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும்.

அது தெருவோடு போய்விடுவதும் இல்லை. WiGLE என்று ஒரு தளம் 2001 முதல் இருக்கிறது. ஆர்வலர்கள் போனோடு சுற்றி, எந்த இடத்தில் என்ன பெயர் கேட்டது என்று அதில் ஏற்றுகிறார்கள். பெயரைக் கொடுத்துத் தேடினால், பதிவாகியிருந்தால், வரைபடத்தில் புள்ளி விழும். ஊரிலேயே ஒருவருக்கு மட்டும் இருக்கும் வேடிக்கையான பெயரை வைத்து, அதைப் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் "எங்க வீட்டு வைஃபை பேரு பாருங்க" என்று போட்டால் என்ன ஆகும் என்று இப்போது புரியும். ஜோக்கைப் பற்றி வெளியே பீற்றிக்கொள்ளாமல் இருப்பதும் இந்த வேலையில் ஒரு பகுதிதான். எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

பெயரையே மறைத்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். ரவுட்டரில் அதற்கு ஒரு வசதி உண்டு, நானும் முதலில் அதைத்தான் செய்தேன். செய்யாதீர்கள். பெயரை மறைத்தால் ரவுட்டர் கூவாது, ஆனால் உங்கள் போன் கூவும். மறைந்திருக்கும் வலையைக் கண்டுபிடிக்க அது பெயரைச் சொல்லி "இருக்கியா, இருக்கியா" என்று கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. அலுவலகத்திலும் பேருந்து நிலையத்திலும்கூட அப்படிக் கேட்கும். வீட்டோடு நின்றிருந்த பெயரை ஊர் முழுக்கச் சுமந்து திரிவதுதான் மிச்சம்.

## 2. கையில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை

செலவு ஒன்றும் இல்லை. "நானே வந்து மாத்தித் தரேன்" என்று எங்கள் பகுதியில் ஒருவர் 300 ரூபாய் கேட்டார். கொடுக்க வேண்டிய அவசியமில்லை. தேவை இவ்வளவுதான்:

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழைய வேண்டிய முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றும் பெரும்பாலும் அதில் இருக்கும்.

இணைப்பு வாங்கியபோது கொடுத்த ரசீதையோ குறுஞ்செய்தியையோ தேடி எடுங்கள். அதில் இணைப்புக்கான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இருக்கும். இது வைஃபை கடவுச்சொல் இல்லை. ரவுட்டர், இணைப்புக் கொடுத்த நிறுவனத்தோடு பேசுவதற்கான சாவி, அமைப்புப் பக்கத்தில் PPPoE என்ற தலைப்பில் இருக்கும். பெயர் மாற்ற இது தேவைப்படாது. ஆனால் எங்கேயாவது சொதப்பி, ரவுட்டரின் பின்னால் இருக்கும் சின்ன ஓட்டையில் ஊசியை விட்டு ரீசெட் செய்துவிட்டால் இதுவும் சேர்ந்து அழிந்துவிடும். அப்புறம் ஆள் வரும்வரை இணையம் இல்லை. எனக்கு இரண்டு நாள் போயிற்று.

மூன்றாவதாக, வீட்டில் வைஃபையில் இருக்கும் பொருள்களின் பட்டியல் ஒன்றை ஒரு தாளில் எழுதுங்கள். நான் எழுதும்போது ஐந்தோ ஆறோ இருக்கும் என்று நினைத்தேன், பதினான்கு வந்தது. டிவி, பிரிண்டர், வாசல் கேமரா, இரண்டு பல்பு என்று வந்துகொண்டே இருந்தது. பெயரை மட்டும் மாற்றினாலும், கடவுச்சொல்லை அப்படியே வைத்தாலும், இவை எல்லாம் கழன்றுவிடும்.

நேரம்: பெயர் மாற்ற 10 நிமிடம், பொருள்களைத் திரும்பக் கோக்க எனக்கு ஒன்றரை மணி நேரம். ஞாயிறு காலை சரியாக இருக்கும். யாருக்காவது ஆன்லைன் பரீட்சையோ அலுவலக மீட்டிங்கோ இருக்கும் நாளில் கை வைக்காதீர்கள்.

## 3. ஜோக்கை வடிகட்டுங்கள்

வேலை முழுக்க இங்கேதான். ஜோக் என்றாலே நமக்குச் சொந்த வாழ்க்கையிலிருந்துதான் வரும். அதனாலேயே அது வீட்டு விஷயத்தை வெளியே சொல்லிவிடும். நான் வரிசையாக யோசித்தவற்றைச் சொல்கிறேன்.

`Vaadagai_Kuduthachu` என்பது முதலாவது. எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் எங்கள் குடியிருப்பில் இருக்கும் பதினெட்டு வீடுகளில் வாடகைக்கு இருப்பது நாலே வீடு. ஒரே வரியில் பதினான்கு வீடுகளைக் கழித்துக் கொடுத்துவிட்டேன்.

இரண்டாவது `Kuzhandhai_Thoongudhu`. சத்தம் போடாதே என்று சொல்வதுபோல அழகாக இருந்தது. கைக்குழந்தை உள்ள வீடு என்று தெருவுக்கே சொல்கிறது. `Night_Shift_Paavam` இன்னும் மோசம். ராத்திரியில் வீட்டில் ஆள் குறைவு என்று அதற்குப் பொருள்.

மூன்றாவது `Naai_Irukku`. எங்களிடம் நாய் கிடையாது, பொய்தான், பொய் சொன்னால் எதுவும் வெளியே வராதே என்று நினைத்தேன். ஆனால் எங்கள் குடியிருப்பில் எந்த வீட்டிலுமே நாய் இல்லை. ஆக, படித்தவுடன் எல்லாருக்கும் ஒரு கேள்வி: "நாய் வளர்க்கற மாதிரி நடிக்கறது யாரு?" கேள்வி எழுந்துவிட்டால் தேட ஆரம்பிப்பார்கள். பொய்யும் ஒரு துப்புதான்.

நாலாவது `Padiyila_Nikkadha`. பேருந்து நடத்துநர் குரலில், வைஃபைக்காகப் படிக்கட்டில் வந்து நிற்பவர்களைத் திட்டுவதுபோல. இதை முடிவே செய்துவிட்டேன். மனைவிதான் கேட்டார்: "படிக்கட்டுக்கு நேர் எதிர்ல இருக்கறது நம்ம வீடு மட்டும்தானே?" சரிதான். அதையும் அடித்தேன்.

இப்படி நாலு போனபிறகு ஒரு சோதனை கிடைத்தது. இதே பெயரை எதிர்வீட்டுக்காரர் வைத்திருந்தாலும் அதே சிரிப்பு வருமா? வரும் என்றால் வைக்கலாம். அவர் வைத்தால் பொருந்தாது என்றால் அது உங்களைப் பற்றிப் பேசுகிறது. வாடகை ஜோக் வீட்டு உரிமையாளருக்குப் பொருந்தாது, குழந்தை ஜோக் தாத்தா பாட்டி மட்டும் இருக்கும் வீட்டுக்குப் பொருந்தாது. அப்படியென்றால் ஜோக்கை வீட்டுக்குள்ளிருந்து எடுக்கவே கூடாது, ஊருக்கெல்லாம் பொதுவான ஒன்றிலிருந்து எடுக்க வேண்டும்.

நடத்துநரை விட மனசில்லை. அவருடைய இன்னொரு வசனம் ஊருக்கே தெரியும்: "சில்லறை இல்லை." வைஃபை பட்டியலில் அதைப் பார்த்தால், இணையம் கேட்டு வந்தவனிடம் யாரோ சில்லறை இல்லை என்று கையை விரிப்பதுபோல இருக்கிறது. பணக்காரர், ஏழை, வாடகை, சொந்தம், தனி ஆள், கூட்டுக் குடும்பம் என்று யார் வைத்தாலும் பொருந்தும். அதையே வைத்தேன்.

நீங்கள் வடிகட்டும்போது இன்னும் சிலவற்றைக் கவனியுங்கள். சினிமா வசனம் வைத்தால் எந்தக் காலத்துப் படம் என்பதை வைத்து உங்கள் வயதையும், யாருடைய படம் என்பதை வைத்து நீங்கள் யாருடைய ரசிகர் என்பதையும் சொல்லிவிடலாம். சாமி பெயர், கட்சி, சொந்த ஊர், தொழில் எல்லாம் அதே கதைதான். பிள்ளையின் செல்லப்பெயரும் நாய்க்குட்டியின் பெயரும் வேறு எங்கேயோ நீங்கள் பாதுகாப்புக் கேள்விக்குப் பதிலாகக் கொடுத்திருக்கக் கூடியவை. `Thatha_Peyar_Enna` என்று கேள்வியையே பெயராக வைத்துப் பதிலைக் கடவுச்சொல்லாக வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. சொந்தக்காரர்கள் வந்தால் வசதிதான். மற்றவர்களுக்கும் அதே வசதி.

மொழியும் பேசும். சென்னையில் தமிழ் ஜோக் யாரையும் காட்டிக்கொடுக்காது. புனேவிலோ டொராண்டோவிலோ ஒரு மாடிக் குடியிருப்பில் `Sillarai_Illa` என்று ஓடினால், அது யார் வீடு என்று அஞ்சல் பெட்டியில் இருக்கும் பெயர்களைப் பார்த்தே சொல்லிவிடலாம். அங்கே இருப்பவர்கள் அந்த ஊர் மொழியிலோ ஆங்கிலத்திலோ வையுங்கள்.

கடைசியாக, பயமுறுத்தும் ஜோக் வேண்டவே வேண்டாம். குண்டு, தீவிரவாதம், போலீஸ் என்று எதுவும் வேண்டாம். பிரான்சில் டிஜோன் நகரத்து இளைஞர் ஒருவர் 2016-ல் தன் வைஃபைக்கு, ஐஎஸ் தீவிரவாத அமைப்பின் இன்னொரு பெயரைச் சேர்த்து `Daesh 21` என்று பெயர் வைத்தார். நீதிமன்றம் மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்து நிறுத்தி வைத்தது. அதில் வரும் 21 அந்த மாவட்டத்தின் எண். வம்பை இழுக்கும் பெயரிலும் மனுஷன் ஊரைச் சொல்லாமல் விடவில்லை.

## 4. எழுத்தை எண்ணுங்கள்

வைஃபை பெயருக்கு இடம் 32 பைட்தான். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பைட் என்பதால் 32 எழுத்து வைக்கலாம். தமிழில் அப்படி இல்லை. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுக்கும். புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். "ல்" என்பது நம் கண்ணுக்கு ஓர் எழுத்து, கணக்கில் ல ஒன்று, புள்ளி ஒன்று, ஆக ஆறு பைட்.

நான் ஆசையாகத் தமிழிலேயே தட்டினேன். ரவுட்டர் ஏற்கவில்லை, ஏன் என்றும் சொல்லவில்லை. லினக்ஸோ மேக்கோ இருந்தால் இப்படி எண்ணிப் பார்க்கலாம்:

```
echo -n "சில்லறை இல்லை" | wc -c
37
```

ஐந்து பைட் கூடுதல். "சில்லறை" மட்டும் என்றால் 21, அது அடங்கும். ஆனால் சில ரவுட்டர்கள் தமிழை வாங்கவே வாங்காது. சில பழைய பிரிண்டர்கள் தமிழ்ப் பெயரைப் பட்டியலில் கட்டம் கட்டமாகக் காட்டும். அதனால் ஆங்கில எழுத்தில் `Sillarai_Illa` என்று வைத்துக்கொண்டேன். 13 பைட்தான்.

எழுத்து, எண், அடிக்கோடு, இடைக்கோடு தாண்டிப் போகாதீர்கள். சதவீதக் குறி வேண்டாம். 2021-ல் `%p%s%s%s%s%n` என்ற பெயருள்ள வைஃபையில் சேர்ந்த ஐபோன்களில் வைஃபையே வேலை செய்யாமல் போனது. பின்னர் வந்த மேம்படுத்தலில் சரிசெய்தார்கள். மேற்கோள் குறியும் வேண்டாம். போனில் தட்டினால் அது வளைந்த குறியாக மாறிவிடும், டிவி ரிமோட்டில் அந்தக் குறியைத் தேடிக் களைத்துப் போவீர்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசமும் உண்டு.

எல்லாரும் வைக்கும் பிரபலமான ஜோக்கையும் தவிருங்கள். பக்கத்துத் தெருவில் அதே பெயர் இருந்தால் உங்கள் போன் அங்கேயும் சேரப் பார்த்துத் தோற்கும். இன்னொரு காரணமும் உண்டு. WPA2 பாதுகாப்பில் கடவுச்சொல்லோடு வைஃபை பெயரையும் கலந்துதான் சாவி தயாராகிறது. பரவலான பெயர்களுக்குப் பொதுவான கடவுச்சொற்களைச் சேர்த்து முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்த பட்டியல்கள் இருக்கின்றன. தனித்த பெயருக்கு அவை உதவாது.

## 5. வால் ஒட்டுங்கள்

பெயரின் கடைசியில் `_nomap` என்று இருந்தால், கூகுளும் ஆப்பிளும் அக்கம்பக்க ரவுட்டர்களை வைத்துப் போன் எங்கே இருக்கிறது என்று காட்டும் தங்கள் தொகுப்பில் உங்கள் ரவுட்டரைச் சேர்ப்பதில்லை. மைக்ரோசாஃப்டுக்கு `_optout` பெயரில் எங்கேயாவது இருந்தால் போதும். `_nomap` கடைசியில்தான் வர வேண்டும் என்பதால் வரிசை இப்படி:

```
Sillarai_Illa_optout_nomap
```

மொத்தம் 26 பைட், அடங்குகிறது. இரண்டு வாலுக்கும் சேர்த்து 13 போய்விடுவதால் ஜோக்குக்கு மிஞ்சுவது 19 எழுத்து. வால் ஒட்டியதும் ஜோக்கின் அழகு கொஞ்சம் கெடுகிறது, உண்மைதான். பெயர் வெளியே தெரியாமலிருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பட்டியல் எடுப்பவர்களிடம் வேண்டாம் என்று சொல்வது அவ்வளவே. முன்பே பதிவான பழைய பெயரும் உடனே அழியாது.

## 6. மாற்றுங்கள்

முடிந்தால் மடிக்கணினியை ரவுட்டரோடு கேபிளில் இணைத்துக்கொள்ளுங்கள். உலாவியில் `192.168.1.1` என்று தட்டுங்கள், வராவிட்டால் `192.168.0.1`, அதுவும் இல்லாவிட்டால் சீட்டில் இருக்கும் முகவரி. உள்ளே போனதும் WLAN அல்லது Wireless என்ற பகுதியில் SSID என்று ஒரு பெட்டி இருக்கும். அதுதான் பெயர். மாற்றுவதற்கு முன் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துவிடுங்கள்.

பெரும்பாலான ரவுட்டரில் 2.4 GHz, 5 GHz என்ற இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனிப் பெட்டி இருக்கும். நான் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். இன்னொன்றில் மனைவியின் பெயர் மூன்று நாள் கூடுதலாக ஓடியது. இரண்டையும் மாற்றுங்கள். விருந்தினருக்கான வலை இருந்தால் அதையும் பாருங்கள்.

கடவுச்சொல்லையும் இப்போதே மாற்றிவிடுங்கள், எப்படியும் எல்லாப் பொருளையும் திரும்பக் கோக்கத்தானே போகிறீர்கள். கடவுச்சொல் தட்டாமல் பட்டனை அழுத்தியே சேர்க்கும் WPS என்று ஒரு வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். பெயரை எவ்வளவு நக்கலாக வைத்தாலும், WPS ரவுட்டரின் தயாரிப்பாளர், மாடல் விவரத்தைக் கூடவே கூவிக்கொண்டிருக்கும்.

Apply அழுத்தியதும், வைஃபை வழியாக நுழைந்திருந்தால் பக்கம் அப்படியே நின்றுவிடும். கெட்டுவிட்டது என்று பயந்து ரீசெட் ஓட்டையைத் தேடாதீர்கள். பெயர் மாறியதால் நீங்கள் கழன்றிருக்கிறீர்கள், அவ்வளவுதான். புதுப் பெயரில் சேர்ந்து திரும்ப உள்ளே போய்ப் பாருங்கள்.

தாளில் இருக்கும் பட்டியலை ஒவ்வொன்றாக அடியுங்கள். வாசல் கேமராவை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள், அதுதான் நேரம் தின்னும். மலிவான கேமராவும் பல்பும் பெரும்பாலும் 2.4 GHz மட்டும்தான் பிடிக்கும், 5-ல் சேர்க்கப் பார்த்தால் நாள் முழுக்கச் சேராது.

பிறகு கீழே இறங்கிப் போய்ப் பட்டியலைப் பாருங்கள். நான் பார்த்தபோது எங்கள் குடியிருப்பில் இருபத்து மூன்று பெயர், அதில் ஒன்பதில் கதவு எண் இருந்தது. மீதியில் என்னுடையது எது என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் போனோடு மாடி ஏறி வந்தால் எங்கள் கதவருகே சிக்னல் கோடு நிறைந்துவிடும், அதைப் பெயர் எதுவும் செய்யாது. கண்டுபிடித்தே தீர வேண்டும் என்று வருபவரை இது தடுக்காது. கருவி விற்க வந்தவரைப்போல, தற்செயலாகப் பார்ப்பவருக்குத்தான் இந்த ஏற்பாடு.

மூன்றாம் மாடி மாமா, `Sillarai_Illa` கீழே இருக்கும் மளிகைக் கடைக்காரருடையதுதான் என்று உறுதியாக நம்புகிறார். நான் திருத்தவில்லை.

## 7. போனின் ஹாட்ஸ்பாட்டை மறக்காதீர்கள்

இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஐபோனில் ஹாட்ஸ்பாட் பெயர் என்பது போனின் பெயரேதான், பெரும்பாலும் வாங்கிய அன்று உங்கள் பெயரோடு தானாக அமைந்தது. Settings, General, About, Name என்று போய் மாற்றலாம். ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட் அமைப்பிலேயே பெயருக்கு ஒரு வரி இருக்கும்.

வீட்டுக்கு வைத்த அதே பெயரை இங்கே வைக்காதீர்கள். வைத்தால், ரயிலில் உங்கள் ஹாட்ஸ்பாட்டைப் பார்த்தவர் தெருவில் அதே ஜோக்கைப் பார்க்கும்போது இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுவார். வீட்டு மடிக்கணினியும் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் குழம்பும்.

விமானத்தில் ஏறுவதற்கு முன் ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிடுங்கள், ஜோக் எவ்வளவு சாதுவானதாக இருந்தாலும். 2014 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து லண்டன் போக வேண்டிய ஒரு விமானம், யாரோ ஒருவர் தீவிரவாத அமைப்பின் பெயரில் விட்டிருந்த ஹாட்ஸ்பாட்டைச் சக பயணி பார்த்துச் சொன்னதால் புறப்படாமல் நின்றது. என் போனின் பெயர் இப்போது வெறும் `Phone`. ஜோக் எல்லாம் வீட்டோடு சரி.